விருந்தினர் இல்லக் கையேடு: அவசர எண்கள் பக்கத்தையும் தமிழாக்க வேண்டுமா, அப்படியே விடலாமா?

கடைசிப்பக்கம் · மார்ச் 3, இரவு 9.40

விருந்தினர் இல்லம் ஒன்றின் கையேடு வந்திருக்கிறது, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. செக்-இன் விதிகள், அக்கம்பக்கத்துக் குறிப்புகள், கடைசியில் அவசரத் தொடர்புகள் ஒரு பக்கம். உரிமையாளர் சொல்கிறார்: "கடைசிப் பக்கத்தைத் தொட வேண்டாம். அதில் வெறும் நம்பர்தானே இருக்கிறது? வார்த்தைக் கணக்கிலும் சேர்க்காதீர்கள்."

கூலி குறைகிறது என்பதைத் தவிர எனக்கு ஆட்சேபம் இல்லை. போலீஸ், ஆம்புலன்ஸ், ஃபயர் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தால் யாருக்குத்தான் புரியாது? என் தலைவலியெல்லாம் விதிகள் பக்கம்தான், அதைப் பிறகு கேட்கிறேன். இதற்கு முதலில் சொல்லுங்கள்: விட்டுவிடலாமா?

அரைடிக்கெட் · மார்ச் 3, இரவு 9.52

தாராளமாக விடலாம். 112 என்பதைத் தமிழில் எழுதினாலும் 112தான். தமிழ் எண் உருவில் க க உ என்று போட்டால் ஒரு பயலுக்கும் புரியாது, அது மட்டும் செய்யாதீர்கள்.

துபாஷி · மார்ச் 3, இரவு 11.15

விடக் கூடாது. எட்டு பக்கக் கையேட்டில் ஒரே ஒரு பக்கத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் அந்தப் பக்கத்தைத்தான் தமிழாக்கச் சொல்வேன். வை-ஃபை கடவுச்சொல் புரியாவிட்டால் கேட்டுக்கொள்வார்கள்.

எண் பக்கத்தில் எண் மட்டும் இருப்பதில்லை. எதற்கு எந்த எண், அழைத்ததும் என்ன சொல்வது, இடத்தை எப்படிச் சொல்வது, அழைப்பதற்கு முன்னால் என்ன செய்வது என்று நாலு விஷயம் சேர்ந்துதான் அந்தப் பக்கம். அதோடு, வருகிறவர் வெறுங்கையோடு வருவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வருபவர் மண்டையில் 108 இருக்கிறது. சிங்கப்பூர்க்காரருக்கு ஆம்புலன்ஸ் என்றால் 995, போலீஸ் என்றால் 999. மலேசியாவிலிருந்து வருபவருக்கு எல்லாமே 999. பதற்றத்தில் கை பழகிய எண்ணைத்தான் அடிக்கும். பக்கத்தின் முதல் வேலையே அந்தப் பழக்கத்தை நிறுத்துவது. "இங்கே 108 வேலை செய்யாது, 112 அடியுங்கள்" என்ற ஒரு வரி அசலில் இருக்காது. தமிழ்ப் பதிப்பில் இருந்தாக வேண்டும்.

பனங்கூடல் · மார்ச் 4, காலை 6.20

துபாஷி அண்ணை சொல்றது சரி. இலங்கையில் பொலிசுக்கு 119, தீயணைப்புக்கு 110, அம்புலன்சுக்கு 1990. ஜப்பானில் அப்பிடியே தலைகீழ். அங்கை 110 பொலிஸ், 119 தீயணைப்பும் அம்புலன்சும். தென்கொரியாவிலும் 119 தீயணைப்பும் அம்புலன்சும்தான். எங்கட ஆக்கள் ஒருத்தர் ஜப்பானில் சுவரில் 119 எண்டு கண்டால் "ஓ, பொலிஸ், தெரியும்தானே" எண்டு மேற்கொண்டு வாசிக்கவே மாட்டினம். தெரியாத எண்ணை விடத் தெரிஞ்ச எண்தான் ஆபத்து.

கடைசிப்பக்கம் · மார்ச் 4, காலை 10.05

சரி, இந்த 110, 119 விஷயத்துக்குப் பிறகு உரிமையாளரோடு மல்லுக்கட்டத் தயார். என் வேலையில் ஒரே எண்தான், 112. அதனால் குழப்பம் குறைவு.

அசல் பக்கத்தில் இருப்பது இவ்வளவு. மேலே உரிமையாளரின் கைப்பேசி எண். பிறகு 112. பிறகு மருத்துவர் ஒருவரின் எண், இரவிலும் வருவார் என்று குறிப்பு. கீழே மூன்று வரி: தீப்பிடித்தால் லிஃப்டைப் பயன்படுத்தாதே, கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதே, வெளியே போகும்போது கதவுகளைச் சாத்து. அடியில் வீட்டு முகவரி.

நேற்று இரவே ஓட்டமாக ஒரு வரைவு போட்டேன். "தீ விபத்து ஏற்படும் பட்சத்தில் விருந்தினர்கள் மின்தூக்கியைப் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." படித்துப் பார்த்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது.

அரைடிக்கெட் · மார்ச் 4, காலை 10.11

அதைப் படித்து முடிப்பதற்குள் தீ அணைந்திருக்கும். வீடும் இருக்காது.

துபாஷி · மார்ச் 4, பிற்பகல் 1.30

நீளம் ஒரு பக்கம் கிடக்கட்டும். தமிழில் வேறொரு கண்ணி இருக்கிறது. ஆங்கிலத்தில் "கூடாது" என்பது வாக்கியத்தின் தலையிலேயே வந்துவிடும். நமக்கு வாலில் வருகிறது. சுவரில் ஒட்டும் அட்டை குறுகலாக இருக்கும், வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாது, வரி அவர் இஷ்டத்துக்கு உடையும். என் கண்ணால் பார்த்த அட்டை ஒன்றில் இப்படி இருந்தது:

தீப்பிடித்தால் லிஃப்டைப் பயன்படுத்த
வேண்டாம்

முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு ஓடுகிறவர் எங்கே ஓடுவார்? அதனால் தடையைச் சொல்லும் வரி ஒவ்வொன்றும் ஒரே வரியில் அடங்கும்படி குறுக்க வேண்டும். செய்ய வேண்டியதை முதலில், கூடாததைப் பிறகு: "படியில் இறங்குங்கள். லிஃப்ட் வேண்டாம்." இரண்டும் தனித்தனி வரி. கடைசிச் சொல் தனியாக அடுத்த வரிக்குப் போகாமலிருக்க, "லிஃப்ட்", "வேண்டாம்" இரண்டுக்கும் நடுவே உடையா இடைவெளி போடுங்கள், U+00A0. கோப்பு அனுப்பும்போது வடிவமைப்பாளரிடமும் சொல்லிவையுங்கள், சிலர் அதைத் துப்புரவு செய்கிறேன் என்று சாதாரண இடைவெளியாக மாற்றிவிடுவார்கள். அச்சுக்குப் போகும் முன் வரும் பிடிஎஃப்-ஐ நீங்கள்தான் பார்க்க வேண்டும். வேர்டு கோப்பில் சரியாக இருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

கேஸ் வரியில் வரிசை முக்கியம். முதலில் வெளியே போவது, பிறகு அழைப்பது. அசலில் எண் மேலே, கேஸ் கீழே என்று இருப்பதால் உள்ளே நின்றுகொண்டே போன் போடுவார்கள். "வெளியே போங்கள். எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். வெளியே போனபின் 112 அடியுங்கள்." வரிசை மாறுகிறது என்று உரிமையாளர் கேட்டால் காரணம் சொல்லுங்கள்.

மலைப்பாதை · மார்ச் 4, மாலை 4.48

செக்-இன் பற்றி யாரும் பேசவில்லையே. போன வருஷம் ஒரு விடுதியில் செக்-இன் 2 மணி என்று தமிழிலேயே செய்தி அனுப்பியிருந்தார்கள். நாங்கள் குடும்பத்தோடு சரியாக 2 மணிக்குப் போய் நின்றோம். நாலரை வரைக்கும் சோபாவில் உட்கார வைத்தார்கள். இதற்கெல்லாம் எங்கே புகார் கொடுப்பது? முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

வரவேற்பறை · மார்ச் 4, மாலை 5.30

புகார் கொடுப்பது இங்கே இல்லை சார். ஆனால் உங்கள் கதை இந்த வேலைக்கு ரொம்ப உபயோகம். நான் முன்மேசையில் வேலை பார்த்தவன். "செக்-இன் 2 மணி" என்றால் எங்கள் பக்கத்துக்கு "2 மணிக்கு முன்னால் அறை தயாராகாது" என்று அர்த்தம். விருந்தினருக்கு "2 மணிக்குச் சாவி கையில்". சிலர் "2 மணிக்குள் போகாவிட்டால் அறை போய்விடும்" என்றும் எடுத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க ஓடி வருவார்கள். மூன்று அர்த்தத்துக்கும் ஒரே வரி. "மதியம் 2 மணியிலிருந்து இரவு 10 மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்" என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. நேரத்துக்குப் பக்கத்தில் "முதல்", "வரை", "க்குள்" இல்லாமல் ஓர் எண்ணையும் நிற்க விடாதீர்கள்.

கடைசிப்பக்கம் · மார்ச் 4, இரவு 8.15

இதைத்தான் பிறகு கேட்கிறேன் என்றேன். அசலில் இருப்பது: செக்-இன் மாலை 3 முதல் நள்ளிரவு வரை. நள்ளிரவுக்குப் பிறகு வருபவர்கள் முதல் நாள் மாலை 6-க்குள் சொல்ல வேண்டும். இதில் "முதல் நாள்" எந்த நாள்? 14-ஆம் தேதி அறை போட்டவர் விமானம் தாமதமாகி 15-ஆம் தேதி 12.40-க்கு வந்து சேர்கிறார். அவர் கணக்கில் அது இன்னும் 14-ஆம் தேதி ராத்திரிதான். 14 மாலை சொன்னால் போதுமா, 13 மாலையே சொல்லியிருக்க வேண்டுமா? சொல்லுக்குச் சொல் எழுதினால் அசலின் குழப்பம் அப்படியே தமிழுக்கு வந்துவிடும்.

துபாஷி · மார்ச் 4, இரவு 9.02

உரிமையாளரிடம் கேட்டுவிட்டு உதாரணத்தோடு எழுதுங்கள். "14-ஆம் தேதிக்கு அறை எடுத்திருக்கிறீர்கள். இரவு 12 மணிக்கு மேல் வருவதாக இருந்தால் 14-ஆம் தேதி மாலை 6 மணிக்குள் சொல்லிவிடுங்கள்." ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

12.40 என்பதைக் "காலை 12.40" என்று மட்டும் போடாதீர்கள். ஏ.எம். என்றால் காலை என்று பழக்கத்தில் போட்டுவிடுவோம், படிக்கிறவர் பகல் என்று நினைப்பார். "இரவு 12.40" என்று எழுதி, அடைப்புக்குள் 00:40 என்றும் போடுங்கள். விமானச் சீட்டிலும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஒப்பிட வசதி.

கடைசிப்பக்கம் · மார்ச் 5, காலை 11.20

கேட்டேன். 14 மாலை என்றுதான் நினைத்தாராம். "இதில் என்ன சந்தேகம்?" என்று திருப்பிக் கேட்டார். ஆங்கிலத்தையும் திருத்திவிட்டார், அது நல்லது.

அக்கம்பக்கத்துக் குறிப்புகளில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எந்தப் பேருந்து, எங்கே நடக்கலாம், குப்பையை எங்கே போடுவது. பெயர்ப்பலகையில் எப்படி எழுதியிருக்கிறதோ அந்த எழுத்திலேயே இடப்பெயரை விட்டு, பக்கத்தில் தமிழில் உச்சரிப்பு போடுகிறேன். பலகையில் தமிழ் இருக்கப் போவதில்லையே.

இப்போது தொலைபேசி எண்கள். உரிமையாளர் கொடுத்திருப்பது நாட்டுக் குறியீடு, பிறகு அடைப்புக்குள் ஒரு சுழி, பிறகு எண். +44 (0)20 என்கிற மாதிரி. அப்படியே விடுவதா?

அரைடிக்கெட் · மார்ச் 5, காலை 11.34

இது எனக்குத் தெரியும்! + போட்டால் அந்த 0-வைத் தூக்கிவிட வேண்டும். உள்ளூர்க்காரருக்குத்தான் 0. எல்லா நாட்டுக்கும் இதே விதி.

துபாஷி · மார்ச் 5, பிற்பகல் 2.10

அரைடிக்கெட் முக்கால் டிக்கெட் ஆகிவிட்டார். பெரும்பாலான நாடுகளுக்குச் சரி. இத்தாலியில் தரைவழி எண்ணின் முதல் 0 எண்ணோடு ஒட்டியது, +39-க்குப் பிறகும் அது இருக்க வேண்டும், எடுத்தால் போகாது. அதனால் விதியை வைத்து நீங்களாக வெட்டாதீர்கள், உரிமையாளரிடம் "வெளிநாட்டு சிம்மிலிருந்து எப்படி அடிப்பது" என்று கேட்டு வாங்குங்கள்.

அடைப்புக்குள் 0 போடுவதை மட்டும் எங்கேயும் விட்டுவைக்காதீர்கள். படிக்கிறவர் அதையும் சேர்த்து அடிப்பார். கையேடு கைப்பேசியில் பார்க்கும் வலைப்பக்கமாகவும் இருந்தால், தொட்டதும் அழைக்கும் இணைப்பில் இடைவெளியோ அடைப்போ வேண்டாம், கண்ணுக்குத் தெரியும் எண்ணில் மட்டும் இடைவெளி இருக்கட்டும்:

```
<a href="tel:+442079460018">+44 20 7946 0018</a>
<a href="tel:112">112</a>
```

(மேலே இருக்கும் லண்டன் எண் நாடகங்களில் காட்டுவதற்கென்றே ஒதுக்கிய வரிசை. அடித்துப் பார்த்து யாரையும் எழுப்ப முடியாது.)

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். 112 போன்ற குறு எண்ணுக்கு முன்னால் நாட்டுக் குறியீடு வரக் கூடாது. எல்லா எண்ணையும் ஒரே மாதிரி ஆக்குகிறேன் என்று ஒருவர் +44 112 என்று போட்டு வைத்ததைத் திருத்தியிருக்கிறேன். அழகாகத்தான் இருந்தது, அழைப்பு போகாது.

வரவேற்பறை · மார்ச் 5, மாலை 6.45

எக்செல்லில் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. எண் என்று நினைத்து அது முன் சுழியை விழுங்கிவிடும். ஆஸ்திரேலியாவின் அவசர எண் 000. அது எக்செல்லுக்குள் போய் வெளியே வந்தால் வெறும் 0. அந்தக் கட்டத்தை "உரை" என்று மாற்றிவிட்டுப் பிறகு எண்ணை ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு மாற்றினால் போன சுழி திரும்பாது.

அரைடிக்கெட் · மார்ச் 5, இரவு 7.00

இனி 0 அடித்தால் ஆஸ்திரேலியாவில் யார் எடுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே தூங்கப் போகிறேன்.

இன்னொன்று. எழுதின எண் சரியா என்று ஒரு தடவை அடித்துப் பார்த்துவிடுவதுதானே? எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?

துபாஷி · மார்ச் 5, இரவு 9.20

உரிமையாளர், மருத்துவர் எண்களை அடித்துப் பாருங்கள். முடிந்தால் வெளிநாட்டு சிம் வைத்திருக்கும் ஒருவரை விட்டு அடிக்கச் சொல்லுங்கள். அவசர எண்ணைச் சோதனைக்கு அடிக்கக் கூடாது. அந்த நேரத்தில் ஓர் ஆள் உங்களோடு பேசிக்கொண்டிருப்பார், வேறு யாரோ வரிசையில் காத்திருப்பார்கள். நீங்கள் இருக்கும் நாட்டிலிருந்து அடித்தால் அது அந்த விடுதி இருக்கும் ஊருக்கும் போகாது. அரசின் பக்கத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டியதுதான்.

கடைசிப்பக்கம் · மார்ச் 6, காலை 9.30

மருத்துவர் எண்ணை அடித்தேன். அவர் இரவில் வருவதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டதாம். கையேட்டில் "இரவிலும் வருவார்" என்று இருக்கிறது. உரிமையாளருக்கு எழுதியிருக்கிறேன்.

இது யார் வேலை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. என்னிடம் கொடுத்தது மொழிபெயர்க்க. எண் சரியா என்று பார்ப்பது என் கணக்கில் இல்லை. ஆனால் தமிழில் அச்சாகிச் சுவரில் இருக்கும்போது அது என் வாக்கியம்.

வரவேற்பறை · மார்ச் 6, காலை 10.10

உரிமையாளர் வேலை. நீங்கள் அடித்துப் பார்த்தது உங்கள் நல்ல மனசு. அதையே எல்லாரும் எதிர்பார்க்க ஆரம்பித்தால் அடுத்த மொழிபெயர்ப்பாளருக்குச் சுமை. "எண்களைச் சரிபார்த்தது யார், எந்தத் தேதியில்" என்று பக்கத்தின் அடியில் ஒரு வரி போடச் சொல்லி, அதில் அவர் பெயரை வாங்குங்கள்.

துபாஷி · மார்ச் 6, காலை 11.45

அதில் எனக்கு உடன்பாடில்லை. தப்பு எண் என்று தெரிய வாய்ப்பிருந்தும் பார்க்காமல் விட்டால் கையில் ஒட்டும். தேதி வரி மட்டும் கட்டாயம், அதில் சண்டை இல்லை.

கடைசிப்பக்கம் · மார்ச் 6, இரவு 8.50

அடுத்தது முகவரி. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் கிடக்கிறது. அழைத்ததும் முதலில் கேட்பது இடம்தான் என்பதால் மேலே, பெரிய எழுத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆங்கில எழுத்திலேயே விட்டு, கீழே தமிழ் உச்சரிப்பு. ஆங்கிலம் படிக்கத் தெரியாத அம்மா அப்பாவை மகன் கூட்டிக்கொண்டு வருவான். அவனுக்கே நெஞ்சு வலி என்றால் போனை எடுக்கப் போவது அவர்கள்தான்.

அங்கேதான் சிக்கல். தெருப் பெயர் பேக்கர் கேட் என்று வையுங்கள் (உண்மைப் பெயர் வேறு). தமிழில் எழுதியதை அப்படியே படித்தால் முதல் எழுத்து பல்லுக்கு ப-வா, பஸ்ஸுக்கு ப-வா என்று தெரியாது. கேட்-டில் க-வும் அப்படியே. எதிர்முனைக்காரருக்கு அது வேறு தெருவாகக் கேட்கும்.

அரைடிக்கெட் · மார்ச் 6, இரவு 9.04

இப்போதெல்லாம் போனே இடத்தைச் சொல்லிவிடும். வாயைத் திறக்கவே வேண்டாம்.

துபாஷி · மார்ச் 6, இரவு 10.00

பல நாடுகளில் ஸ்மார்ட்போன் அவசர எண்ணை அழைத்தால் இருக்குமிடம் தானாகப் போகிறது, உண்மை. அது கட்டடம் வரைக்கும் கொண்டுவந்து விடலாம். எந்த மாடி, எந்தக் கதவு, கீழ்க்கதவின் குறியீடு என்ன என்று அதற்குத் தெரியாது. வாட்ஸப்பிலிருந்து அவசர எண்ணை அழைக்கவே முடியாது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். பெரியவர்கள் பலருக்கு போன் என்றாலே வாட்ஸப்தான். டேட்டா மட்டும் உள்ள இ-சிம்மில் வருபவருக்கு உரிமையாளரின் எண்ணும் சாதாரண அழைப்பில் கிடைக்காது. உரிமையாளரிடம் வாட்ஸப் இருந்தால் அந்த எண்ணுக்கு மட்டும் அப்படிக் குறியுங்கள்.

கடைசிப்பக்கம், உச்சரிப்புக்கு நான் செய்வது இது. ப, க, ட, ச நான்கில் எது குழப்புமோ அதற்கு மட்டும் அடியில் கோடு. கீழே ஒரு வரி: "கோடு போட்ட ப, பஸ் என்னும்போது வருவது. கோடு போட்ட க, கேஸ் என்னும்போது வருவது." ஆங்கிலம் தெரியாதவர்களும் பஸ், கேஸ் இரண்டையும் சரியாகவே சொல்கிறார்கள். அஞ்சல் குறியீட்டையும் கதவு எண்ணையும் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லும்படி பிரித்து எழுதுங்கள். 12 என்பதை "ஒன் டூ" என்று.

பனங்கூடல் · மார்ச் 7, காலை 6.05

முதல் வசனம் என்ன சொல்றது எண்டும் எழுதிக் குடுங்கோ. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது எண்டால் "ஆம்புலன்ஸ். தமிழ். தமிழ் இன்டர்பிரிட்டர் ப்ளீஸ்" எண்டு நாலு சொல் காணும், பிறகு முகவரி. பல இடங்களில் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியிலேயே இணைச்சு விடுவினம், ஆனால் எந்த மொழி எண்டு அவையளுக்குத் தெரிய வேணும். போனை வைக்க வேண்டாம் எண்டும் எழுதுங்கோ. மறுமுனையில் சத்தம் இல்லாமல் போனால் எங்கட ஆக்கள் கட் பண்ணிப்போட்டுத் திரும்ப அடிப்பினம்.

கடைசிப்பக்கம் · மார்ச் 7, பிற்பகல் 12.40

பனங்கூடல், இது அருமை. அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

இப்போதைய வரைவு கீழே. எண்களை மட்டும் மறைத்திருக்கிறேன்.

ஆம்புலன்ஸ், தீ, போலீஸ்: 112
(108, 100, 999 அடிக்காதீர்கள். வாட்ஸப்பில் 112 கிடைக்காது.)

முதலில் சொல்ல வேண்டியது: "ஆம்புலன்ஸ். தமிழ். தமிழ் இன்டர்பிரிட்டர் ப்ளீஸ்."
பிறகு முகவரி: (ஆங்கிலத்தில் / உச்சரிப்பு)
போனை வைக்காதீர்கள். சத்தம் நின்றாலும் காத்திருங்கள்.

தீ: வெளியே போங்கள்.
படியில் இறங்குங்கள்.
லிஃப்ட் வேண்டாம்.
கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்.

கேஸ் வாடை: வெளியே போங்கள்.
சுவிட்சைத் தொடாதீர்கள்.
வெளியே போனபின் 112.

உரிமையாளர்: (எண், வாட்ஸப் உண்டு)

"தயவுசெய்து" எல்லாவற்றையும் இந்தப் பக்கத்தில் எடுத்துவிட்டேன். விதிகள் பக்கத்தில் இருக்கட்டும்.

துபாஷி · மார்ச் 7, மாலை 3.15

நன்றாக இருக்கிறது. 999 வரியை மட்டும் அந்த நாட்டில் பார்த்துவிட்டுப் போடுங்கள். பிரிட்டனில் 112, 999 இரண்டுமே போகும். அங்கே போய் 999 அடிக்காதீர்கள் என்று எழுதினால் பொய்.

கடைசிப்பக்கம் · மார்ச் 7, மாலை 3.50

இங்கே 999 கிடையாது, பார்த்துவிட்டேன். ஆனால் வேறு வேலைக்கு இதே வரியை வெட்டி ஒட்டினால் வம்பு என்பது சரி. வார்ப்புருவிலிருந்து எடுத்துவிடுகிறேன், ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத வேண்டிய வரி அது.

வரவேற்பறை · மார்ச் 7, இரவு 8.00

உரிமையாளர் எண் கடைசியில் போய்விட்டதே. அனுபவத்தில் சொல்கிறேன், விருந்தினர் முதலில் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். குழாய் உடைந்தாலும் சரி, மூச்சுத் திணறினாலும் சரி. எங்களுக்கு வீடு தெரியும், உள்ளூர் மொழி தெரியும், முகவரியைத் தடுமாறாமல் சொல்வோம். உரிமையாளர் மேலேதான் இருக்க வேண்டும்.

துபாஷி · மார்ச் 7, இரவு 8.25

உரிமையாளர் தூங்கிக்கொண்டிருந்தால்? எடுக்காத போனை மூன்று தடவை அடித்துவிட்டு 112-க்கு வருவார்கள், அந்த நிமிஷங்கள் போச்சு. உயிர் விஷயத்துக்கு 112 மேலே. குழாய், சாவி, மின்சாரம் இதெல்லாம் தனிக் கட்டம், அதில் உரிமையாளர் மேலே.

வரவேற்பறை · மார்ச் 7, இரவு 8.40

எது உயிர் விஷயம் என்று அந்த நேரத்தில் விருந்தினருக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். நீங்கள் சொல்வது காகிதத்தில் சரி.

மலைப்பாதை · மார்ச் 8, காலை 9.15

முன்பணம் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

கடைசிப்பக்கம் · மார்ச் 8, காலை 10.30

மலைப்பாதை சார், "2 மணி" என்று அனுப்பிய செய்தி கையில் இருந்தால் அதை வைத்து விடுதிக்கே எழுதுங்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும்.

112-ஐ மேலேயே வைத்துவிட்டு, வரவேற்பறைக்காகக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: "112 அழைத்தபின் உரிமையாளரையும் அழையுங்கள்." இருவருக்கும் திருப்தி இருக்காது என்று தெரியும்.

இப்போது வேறொன்று இடிக்கிறது. முகவரியில் "செகண்ட் ஃப்ளோர்" என்று இருக்கிறது. நான் "இரண்டாம் மாடி" என்று போட்டேன். நமக்கு இரண்டாம் மாடி என்றால் தரையிலிருந்து இரண்டு ஏறுவது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தரையே ஒன்று, செகண்ட் என்றால் ஒரு மாடி ஏறினால் போதும். ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்லும்போது அவர்கள் கணக்கில் சொல்ல வேண்டும், விருந்தினர் தான் எங்கே இருக்கிறேன் என்பதை நம் கணக்கில் புரிந்துகொள்ள வேண்டும். லிஃப்டில் எந்தப் பொத்தான் என்று எழுதிவிடலாம் என நினைத்து, பொத்தான்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

வரவேற்பறை · மார்ச் 8, பிற்பகல் 1.00

பொத்தான் எழுதுவது நல்லது. தீயில் லிஃப்ட் கிடையாது என்பதால் படிக்கட்டில் ஒவ்வொரு தளத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்றும் படம் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத கட்டடத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

கடைசிப்பக்கம் · மார்ச் 9, காலை 9.50

படம் வந்துவிட்டது. லிஃப்டில் G, M, 1, 2. அந்த M நடுவில் ஓர் இடைத்தளம், வெறும் சலவை அறை. ஆக, லிஃப்டில் 2 என்பது நம் கணக்கில் மூன்று ஏற்றம். படிக்கட்டில் M என்ற பலகையே இல்லை, அங்கே 1, 2, 3 என்று போகிறது. அறைக்கு வெளியே சுவரில் 3, லிஃப்டுக்குள் 2.

முகவரியில் எதைச் சொல்வது என்று உரிமையாளரிடம் கேட்டேன். தபால்காரர் 2 என்கிறார், பீட்சா கொண்டுவருபவர் 3 என்கிறார் என்று பதில். தீயணைப்புத் துறையின் பதிவில் எது இருக்கிறது என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். அது வரும் வரைக்கும் அந்த வரி காலி. அச்சகத்துக்கு வியாழன் வரை நேரம் கேட்டிருக்கிறேன்.

அரைடிக்கெட் · மார்ச் 9, காலை 9.58

சலவை அறைக்குத் தமிழில் என்ன போட்டீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். துணி துவைக்கும் இடம் என்றால் தரையிலேயே துவைக்க ஆரம்பித்துவிடப் போகிறார்கள்.

கடைசிப்பக்கம் · மார்ச் 9, காலை 10.06

"வாஷிங் மெஷின் அறை".